இந்த முறை ஆர்டர் இல்லை

இந்த அரங்கில் இரண்டு தரப்பும் உட்கார்ந்திருக்கிறீர்கள். கம்பெனிகளின் பர்ச்சேஸ் பிரிவில் வேலை செய்பவர்களும் இருக்கிறீர்கள், அவர்களுக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சிறு தொழில் முதலாளிகளும் இருக்கிறீர்கள். ஆர்டர் கொடுப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஆர்டர் இல்லை என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது, அப்படிச் சொன்ன பிறகும் அவர் அடுத்த வருஷம் நம் என்கொயரிக்கு மனமுவந்து ரேட் போடும்படி எப்படிச் சொல்வது என்பதை மட்டும் இன்று பேசப் போகிறேன்.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதைப் பேசுவதால் உதாரணத்துக்கு வெளியே போக வேண்டியதில்லை. பம்ப் கம்பெனி ஒன்று, ஃபவுண்டரி ஒன்று. பெயர்கள் தேவையில்லை. பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தவன் நான் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

வேண்டியிருந்தது மோனோபிளாக் பம்ப்புக்கான கேசிங். ஒரு காஸ்டிங் ஆறு கிலோ எடை, எஃப்ஜி 200 கிரேடு. எங்களுக்கு வழக்கமாக வார்த்துக் கொடுக்க இரண்டு ஃபவுண்டரிகள் இருந்தன. கோடையில் பம்ப் விற்பனை ஏறும்போது அந்த இரண்டும் தாங்காது என்பதால் மூன்றாவதாக ஒருவரைத் தேடினோம். நகருக்கு வெளியே ஃபவுண்டரி வைத்திருந்த ஒருவர் கொட்டேஷன் கொடுத்தார். பழைய ஃபவுண்டரிகள் கிலோ 115 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தன. இவர் 112 போட்டிருந்தார். பேட்டர்ன் எங்களுடையது. அதை அனுப்பி 20 சாம்பிள் காஸ்டிங் வாங்கினோம்.

காஸ்டிங் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அளவு சரி, எடை சரி, மேல்பரப்பு சுத்தம். மெஷின் ஷாப்பில் ஏற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. இருபதில் மூன்று காஸ்டிங்கில், மேல் தோலை வெட்டியதும் உள்ளே ஓட்டைகள் வந்தன. ஒன்றை நடுவில் அறுத்துப் பார்த்தோம். ஓட்டைகள் உருண்டையாக, உள்சுவர் வழவழப்பாக, எல்லாம் கோர் உட்கார்ந்த பக்கமாகவே கூட்டமாக இருந்தன. வார்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த அடையாளம் தெரியும். இரும்பு உறையும்போது சுருங்கி விழும் ஓட்டை சொரசொரப்பாக, கிழிந்தது போல இருக்கும். இப்படி வழவழப்பாக இருந்தால் அது வெளியேற வழி கிடைக்காமல் அடைபட்ட வாயு. கோர் நன்றாக உலராமல் இருந்திருக்கலாம், வாயு வெளியேற வைத்த வென்ட் அடைபட்டிருக்கலாம். அவருடைய ஷெட்டுக்குள் எது நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

இனி கணக்கு. ஆறு கிலோ காஸ்டிங்கில் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைவு என்றால் ஒரு பீசுக்கு 18 ரூபாய் மிச்சம். ஓட்டை வெளியே தெரியும் நிலை வரை ஒரு பீசை மெஷின் பண்ண எங்களுக்கு 140 ரூபாய் செலவு. ரிஜெக்ட் ஆன காஸ்டிங்கின் விலையை டெபிட் நோட் போட்டு ஃபவுண்டரியிடம் வாங்கிவிடலாம். மெஷினிங் கூலியை யாரிடம் வாங்குவது? நூற்றுக்குப் பதினைந்து என்ற விகிதத்தில் ரிஜெக்‌ஷன் வந்தால் 2,100 ரூபாய் கூலி போகும். தேறிய 85 பீசில் மிச்சமாகும் 18 ரூபாயைக் கூட்டினால் 1,530 வரும். ஆக, மலிவான ரேட்டில் வாங்கி நூறு பீசுக்கு 570 ரூபாய் நஷ்டம். ரிஜெக்‌ஷன் பதினொரு சதவீதத்தைத் தாண்டினாலே அந்த மூன்று ரூபாய் லாபம் கரைந்துவிடுகிறது. சீசன் நடுவே அசெம்பிளி லைன் காஸ்டிங் இல்லாமல் நின்றால் வரும் செலவை இதில் நான் சேர்க்கவில்லை.

ஆகவே ஆர்டர் கொடுப்பதில்லை என்று முடிவானது. அந்த முடிவில் கஷ்டம் ஒன்றுமில்லை. அதை அவரிடம் சொல்வதில்தான் நம் ஊர்ப் பழக்கம் குறுக்கே நிற்கிறது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல நமக்கு வராது. "பார்த்துட்டுச் சொல்றோமுங்க", "முதலாளி ஊர்ல இல்லீங்க", "அடுத்த வாரம் கூப்பிடுங்க" என்று தள்ளிப் போடுவோம். மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் அந்தப் பக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். அவர் கொட்டேஷனில் முப்பது நாள் வேலிடிட்டி என்று எழுதியிருக்கிறார். பிக் அயர்ன் விலையும் ஸ்கிராப் விலையும் அதற்கு மேல் பிடித்து வைக்க முடியாதவை. நாம் "பார்க்கலாம்" என்று சொன்னதை நம்பி அவர் மோல்டிங் பாக்ஸ்களை ஒதுக்கி வைத்திருப்பார். இன்னொரு கம்பெனி கேட்டபோது "கொஞ்சம் பொறுங்க, ஒரு பெரிய ஆர்டர் வருது" என்று சொல்லியிருப்பார். நாம் நாலு வாரம் இழுத்துவிட்டு இல்லை என்று சொன்னால், அவர் இழந்தது நம் ஆர்டரை மட்டுமா? அந்த இன்னொரு கம்பெனியையும் சேர்த்துத்தான்.

அதனால் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்தானதும், தள்ளிப் போடாமல் போனில் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும். போன் முதலில், கடிதம் அதே நாளில் பின்னால். கடிதத்தை மட்டும் அனுப்பினால் ஆபீசில் யாரோ பிரித்துப் படித்து, அவர் மூன்றாம் ஆள் வாயால் கேட்க நேரும். போனோடு நிறுத்திவிட்டால், "அவங்க ஒண்ணும் முடிவாச் சொல்லலையே" என்று பேச்சு திரும்பும். நம் ஊர்ப் போன் பேச்சில் மறுப்பு நலம் விசாரிப்புக்குள் கரைந்துபோய்விடும் என்பது உங்களுக்கும் தெரியும்.

நாங்கள் அனுப்பிய கடிதத்தைப் படிக்கிறேன். நீளம் கிடையாது.

"ஐயா, வணக்கம். பம்ப் கேசிங் காஸ்டிங்குக்கான தங்கள் கொட்டேஷனையும் 20 சாம்பிள்களையும் பரிசீலித்தோம். இந்த சீசனுக்கான ஆர்டரைத் தங்களுக்கு வழங்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். சாம்பிள்களில் அளவு, எடை, மேல்பரப்பு மூன்றும் டிராயிங்படி சரியாக இருந்தன. மெஷினிங்கின்போது மூன்று காஸ்டிங்குகளில் கோர் பக்கம் ப்ளோ ஹோல் தெரிந்தது. அவற்றில் ஒன்றை அறுத்த நிலையில் தங்கள் பார்வைக்கு அனுப்பியுள்ளோம். முடிவுக்குக் காரணம் இது ஒன்றே. தங்கள் ரேட்டைப் பற்றி எங்களுக்குக் குறை ஏதுமில்லை. இதைச் சரிசெய்த பின், செப்டம்பர் மாதத்துக்குள் புதிதாக 20 சாம்பிள் அனுப்பினால், அடுத்த சீசனுக்கான தேர்வில் சேர்த்துச் சோதிப்போம். அந்தச் சாம்பிளுக்கும் விலை கொடுக்கிறோம். அதற்கு முன்னரே, கோர் இல்லாத காஸ்டிங்குகளுக்கு என்கொயரி வரும்போது தங்களுக்கும் அனுப்புவோம். முதல் சாம்பிளுக்கான பில் தொகையை வழங்கும்படி கணக்குப் பிரிவுக்குச் சொல்லப்பட்டுள்ளது. பேட்டர்னை எடுத்துவர எங்கள் வண்டி வியாழக்கிழமை வரும்."

இதில் நான் உங்கள் கவனத்தைக் கேட்பது இரண்டே இடங்களுக்கு. ஒன்று, காரணம் சொல்லும் இடம். இன்னொன்று, செப்டம்பர் என்று மாதம் சொல்லும் இடம்.

காரணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மறுப்புக் கடிதங்களில் மிக அதிகமாக எழுதப்படும் காரணம் "ரேட் ஒத்துவரவில்லை" என்பது. எழுத எளிது, யாரையும் புண்படுத்தாது, விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் அது உண்மையாக இல்லாதபோது என்ன ஆகிறது? மறுநாளே போன் வரும். "ஏனுங்க, இன்னும் ரெண்டு ரூபா குறைச்சுத் தர்றேனுங்க, 110 போட்டுக்கலாமுங்க" என்பார். அந்த இரண்டு ரூபாய் அவருடைய லாபத்திலிருந்து வருகிறது. சில சமயம் அது லாபம் முழுவதுமாகவே இருக்கும். இப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? ரேட் சரியாகிவிட்டதே. இரண்டாவது காரணம் ஒன்றைத் தேட வேண்டும். தரம் என்று இப்போது சொன்னால், முதலில் ஏன் சொல்லவில்லை என்று அவர் நினைப்பார். நீங்கள் எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறொன்று இருக்கிறது என்ற எண்ணம் அவருக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் எந்த என்கொயரிக்கும் அவர் மனதார ரேட் போட மாட்டார். எப்படியும் குறைக்கச் சொல்வார்கள் என்று முதலிலேயே ஏற்றிப் போடுவார். இன்னும் மோசம், கோரில் இருக்கும் கோளாறு அவருக்குத் தெரியாமலே போய்விடும். அடுத்த கம்பெனியிலும் அதே ஓட்டையால் அவர் ஆர்டரை இழப்பார்.

எங்கள் விஷயத்திலும் அவர் கடிதம் கிடைத்த பிறகு கூப்பிட்டார். ரேட்டைக் குறைக்கிறேன் என்றுதான் ஆரம்பித்தார். பழக்கம் அப்படி. "ரேட்ல ஒண்ணும் இல்லீங்கண்ணா, அந்த அறுத்த பீசைக் கையில எடுத்துப் பாருங்க" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் கேட்டது ரேட்டைப் பற்றிய கேள்வியாக இல்லை. "மூணும் ஒரே நாள்ல ஊத்துனதுங்களா, வேற வேற நாளுங்களா?" என்று கேட்டார். காஸ்டிங்கில் போட்டிருந்த தேதி அடையாளத்தைப் பார்த்துச் சொன்னோம். மூன்றும் ஒரே நாள் ஊற்றியவை. அந்த ஒரு தகவலில் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபதில் மூன்று என்பது மிகச் சிறிய கணக்கு. அதை வைத்து அந்த ஃபவுண்டரியின் தரம் பதினைந்து சதவீதம் மோசம் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் கோர் சரியாக உலராமல் போயிருந்தாலும் இருபதில் மூன்று வரும். தொடர்ந்து இருக்கும் கோளாறாக இருந்தாலும் இருபதில் மூன்று வரும். சீசன் தலைக்கு மேல் நிற்கும்போது எது என்று பார்த்துக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. அதனால்தான் ஆர்டர் கொடுக்கவில்லை. கடிதத்திலும் "தங்கள் காஸ்டிங்கின் தரம் போதவில்லை" என்று எழுதாமல், மூன்று காஸ்டிங்கில் கோர் பக்கம் இது தெரிந்தது என்று எழுதினோம். நாம் பார்த்தது அவ்வளவுதான். தரம் போதவில்லை என்ற ஒரு வரி, இருபது வருஷமாக உலை ஊதும் ஒருவரின் தொழில் மீது தீர்ப்பு எழுதுவது. அதற்கு 20 சாம்பிள் போதாது. அதே போல, "உங்கள் கோர் சரியாக உலரவில்லை" என்றும் எழுதவில்லை. அடையாளத்தைச் சொல்லலாம். காரணத்தை அவர்தான் தன் ஷெட்டில் தேட வேண்டும்.

உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாத நிலையும் வரும். முதலாளியின் உறவினர் ஒருவருக்கு ஆர்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பர்ச்சேஸ் ஆபீசர் அதை எழுத முடியாது. அப்போது "நிர்வாகம் வேறு இடத்தில் கொடுக்க முடிவு செய்துள்ளது, தங்கள் சாம்பிளிலும் ரேட்டிலும் குறை இல்லை" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக ஒரு தொழில்நுட்பக் காரணத்தை இட்டுக்கட்டினால், இல்லாத குறையைச் சரிசெய்ய அவர் கைக்காசைச் செலவழிப்பார். அதைப் போல அநியாயம் வேறில்லை என்பது என் கருத்து.

மற்ற ஃபவுண்டரியின் ரேட்டையும் சொல்லக் கூடாது. "உங்களைவிட மூணு ரூபா கம்மியா ஒருத்தர் தர்றார்" என்பதும் சொல்லக் கூடாது, இவருடைய 112-ஐக் காட்டிப் பழையவரை 115-லிருந்து இறக்குவதும் கூடாது. நம் ஊரில் பிக் அயர்ன் விற்பவரும் பேட்டர்ன் செய்பவரும் எல்லா ஃபவுண்டரிக்கும் பொதுவானவர்கள். டீக் குடிக்கும் நேரத்தில் ரேட் ஊரெல்லாம் பரவிவிடும். ஆர்டரும் கிடைக்காமல், தன் ரேட் அடுத்தவனை அடிக்கப் பயன்பட்டது என்று தெரிந்த சப்ளையர் திரும்ப வர மாட்டார். வந்தாலும் உண்மையான ரேட்டோடு வர மாட்டார்.

இனி அந்தச் செப்டம்பர். மறுப்புக் கடிதத்தின் கடைசி வரி எல்லோருக்கும் மனப்பாடம். வருங்காலத்தில் வாய்ப்பு வரும்போது தொடர்பு கொள்கிறோம் என்று எழுதுவோம். எழுதும்போதே மறந்துவிடுவோம். வாங்கியவர் அதை மறப்பதில்லை, சிறு தொழில் செய்பவர் அதை ஒரு நம்பிக்கையாக வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை போன் செய்வார். ஆகவே எதிர்காலத்தைப் பற்றி எழுதினால், அதில் என்ன மாற வேண்டும், எப்போது மறுபடி பார்ப்போம், செலவு யாருடையது என்ற மூன்றும் இருக்க வேண்டும். ப்ளோ ஹோல் நிற்க வேண்டும். செப்டம்பருக்குள் சாம்பிள் வர வேண்டும், ஏனென்றால் அதன் பிறகு சோதித்து, வரும் கோடைக்கான ரேட் கான்ட்ராக்ட் போட நேரம் போதாது. சாம்பிளுக்குக் காசு நாங்கள் தருகிறோம். அவர் இதை வைத்துக்கொண்டு ஒரு முடிவு எடுக்கலாம். இதற்காகக் கோர் அடுப்பில் பணம் போடலாமா, அல்லது இந்தக் கம்பெனியை விட்டுவிட்டு வேறு பக்கம் போகலாமா என்று கணக்குப் போடலாம். ஆர்டர் நிச்சயம் என்று கடிதத்தில் எங்கும் இல்லை என்பதையும் பாருங்கள். சோதிப்போம் என்பது மட்டுமே வாக்குறுதி. அதை நாம் காப்பாற்ற முடியும்.

இப்படி எழுத முடியாதபோது அந்த வரியையே விட்டுவிடுங்கள். பொய்யான டெஸ்ட் சர்டிஃபிகேட் கொடுத்தவருக்கோ, நமக்கு வேண்டிய எடையில் வார்க்கவே வசதி இல்லாதவருக்கோ, "பிறகு பார்க்கலாம்" என்று எழுதுவது மரியாதை ஆகாது. நன்றி சொல்லி முடித்துவிடலாம். அரசு டெண்டர் வேறு விஷயம். தமிழ்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடக்கும் கொள்முதலில், தோற்ற ஒருவருக்கு அடுத்த முறை பற்றி அதிகாரி தனியாக நம்பிக்கை கொடுப்பது அவரையே சிக்கலில் மாட்டிவிடும். நான் பேசுவது தனியார் கம்பெனிகளைப் பற்றி மட்டும்.

சாம்பிள் பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவ்வளவு அழகான கடிதம் எழுதினாலும், அந்த 20 காஸ்டிங்கின் பணம் ஆறு மாதம் நின்றால் கடிதம் குப்பை. ஆர்டர் போகாத சப்ளையரின் பில்லைக் கணக்குப் பிரிவில் யாரும் அவசரமாகப் பார்க்க மாட்டார்கள், அதுதான் இயல்பு. பர்ச்சேஸ் ஆள்தான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் வருஷம் வரை அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதியும் இப்போது வந்துவிட்டது. கணக்குப் பிரிவை அசைக்க இந்த இரண்டாவது விதி நன்றாக உதவும்.

அந்த ஃபவுண்டரிக்காரர் செப்டம்பருக்கு முன்பே வந்தார். நடுவில் பேஸ் பிளேட்டுக்கு என்கொயரி வந்தபோது சொன்னபடி அவருக்கும் அனுப்பியிருந்தோம். அது கோர் இல்லாத எளிய வார்ப்பு, ரேட்டும் பொருந்தியதால் சின்ன ஆர்டராகக் கொடுத்தோம். கேசிங் சாம்பிள் இரண்டாம் முறை வந்தபோது, அறுத்த பீஸ் ஒன்றையும் அவரே சேர்த்துக் கொண்டு வந்தார். கோரில் வென்ட் வைக்கும் இடத்தை மாற்றியிருந்தார், உலர்த்தும் நேரத்தையும் கூட்டியிருந்தார். மெஷினில் ஏற்றினோம், இருபதும் தேறியது. அதற்காக உடனே முழு சீசனையும் அவரிடம் ஒப்படைக்கவில்லை. இருபது சிறிய கணக்கு என்று மறுக்கும்போது சொன்னவர்கள், ஏற்கும்போதும் அதையே சொல்ல வேண்டும் அல்லவா? முதலில் 200 பீஸ் டிரையல் ஆர்டர். அதில் வந்த ரிஜெக்‌ஷன் எங்கள் பதினொரு சதவீதக் கணக்குக்கு வெகு கீழே நின்றது. ரேட்டை இந்த முறை 114 என்று போட்டிருந்தார். பேரம் பேசாமல் ஒத்துக்கொண்டோம். ரிஜெக்‌ஷன் குறைந்த பிறகு அந்த இரண்டு ரூபாய் அவருக்குச் சேர வேண்டியதுதான்.

பர்ச்சேஸ் பிரிவில் இருக்கும் இளைஞர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. இப்படி எழுதும் கடிதத்தின் நகலைச் சப்ளையர் ஃபைலில் போடுவதோடு விட்டுவிடாதீர்கள். அந்த மாதத்தை என்கொயரி ரிஜிஸ்டரிலும் எழுதுங்கள். யாருக்கு, எந்தப் பார்ட், என்ன சொன்னோம் என்று ஒரு வரி. நம் கம்பெனிகளில் பர்ச்சேஸ் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். நீங்கள் செப்டம்பர் என்று சொல்லிவிட்டு ஜூலையில் வேறு வேலைக்குப் போனால், உங்கள் நாற்காலியில் உட்காருபவருக்கு அந்த ஃபவுண்டரிக்காரர் யாரென்றே தெரியாது. அவர் சாம்பிளோடு கேட்டில் வந்து நிற்கும்போது செக்யூரிட்டி உள்ளே போன் செய்வார். எடுப்பவர் அந்த ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்து, "ஆமாங்க, எழுதியிருக்கு, உள்ள அனுப்புங்க" என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.